பதினான்காவது நிமிடம்

எங்கள் அபார்ட்மென்ட்டில் பிள்ளைகளுக்குப் புராணப் படம் போட்டுக் காட்டிய அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். என் பையனின் ஐந்தாவது பிறந்த நாளுக்கு நானே தேடிப் பிடித்த கிருஷ்ணன் கார்ட்டூன் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கீழே அசோசியேஷன் ரூமில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துப் போடட்டும், கேக்கும் வெட்டிவிடலாம் என்று எண்ணம். நாலு நாள் கழித்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

"நல்லாத்தான் எடுத்திருக்காங்க. ஆனா வேண்டாங்க."

"ஏன் சார்? கிருஷ்ணர் படம்தானே? பேய்ப் படமா கொடுத்துட்டேன்?"

"பூதனை வர்ற இடம் ஒண்ணே கால் நிமிஷம். அன்பா வர்ற அம்மா திடீர்னு அரக்கியா மாறுறா. உங்க வீட்ல போன மாசம்தானே புதுசா ஆயா வர ஆரம்பிச்சாங்க? பையன் நாளைக்கு அந்தம்மா கையால ஒரு வாய் சோறு வாங்க மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்கு ஆயா வருவது இவருக்கு எப்படித் தெரியும், இவருக்கு எதற்கு இந்த வேலை என்று வாய்வரை வந்தது. கதவைச் சற்று வேகமாகத்தான் சாத்தினேன். ஆனால் அன்றிரவு படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தபோது அந்த ஒண்ணே கால் நிமிடத்தில் நானே எழுந்து விளக்கைப் போட்டேன். நான் கேண்டோன்மென்ட்டில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பயந்த பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்க்கிறவள். எனக்குத் தெரியாதது இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

பொன்மலை ரயில்வே பணிமனையில் அவருக்கு வேலை. ரிப்பேர் முடிந்த பெட்டிகளைக் கடைசியாகப் பார்த்து, சரியாக இருந்தால் சாக்பீஸால் குறி போடுகிற பிரிவு. "என் குறி இல்லாம ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாதுங்க" என்பார். ஐம்பது வயதைத் தொட்ட ஒற்றை ஆள். கல்யாணம் ஆகவில்லையா, ஆகி முடிந்ததா என்று எங்களில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் தைரியமில்லை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ் துண்டுகள் இருக்கும். பிள்ளைகள் கேட்டால் ஒன்றைக் கொடுத்துவிடுவார். எங்கள் கார் பார்க்கிங் தரை முழுக்கப் பூவும் மீனுமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒவ்வொரு படத்தையும் மூன்று தரம் பார்ப்பார். முதல் தரம் சாதாரணமாக. இரண்டாம் தரம் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. மூன்றாம் தரம் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதால் மட்டும். "பயம் காது வழியாத்தாங்க முதல்ல உள்ள போகும். கண்ணை மூடிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குக் காதை மூடத் தோணாது" என்பார். தமிழில் டப் செய்த படமாக இருந்தால் மூல மொழியிலும் ஒரு முறை ஓடவிட்டுப் பார்ப்பார். ஒரு படத்தில் மூலத்தில் அமைதியாகப் பேசிய அசுரனுக்குத் தமிழில் இரட்டைத் தொண்டையும் எதிரொலியும் போட்டிருந்தார்களாம். அந்தக் குரலுக்காகவே அதைத் தள்ளிவிட்டார். ஒவ்வொரு தரமும் பார்த்து முடித்ததும் நோட்டில் ஒரு டிக். மூன்று டிக் விழாத படம் அந்த ரூமில் ஓடியதே கிடையாது.

அந்த நோட்டை நான் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். எந்த நிமிடம், என்ன காட்சி, எத்தனை நொடி, பயப்படும் பாத்திரத்தோடு அந்த நேரத்தில் துணைக்கு யார் இருக்கிறார்கள், ஆறுதல் எப்போது வருகிறது என்று கோடு போட்டு எழுதியிருப்பார். அந்தக் கடைசிக் கட்டம்தான் அவருக்கு முக்கியம். பயமே இருக்கக் கூடாது என்று சொல்கிறவர் இல்லை அவர். பயம் வந்தால் சீக்கிரமே யாராவது வந்து பிள்ளையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். யானையை முதலை பிடிக்கிற கதையில் ஒரு படத்தைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தார். முதல் படத்தில் யானை தண்ணீருக்குள் தவிப்பதை ஆறு நிமிடம் இழுத்து, பெருமாள் வருவதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்களாம். "பெருமாளுக்கு அரை நிமிஷம்தானா? அவரு என்ன பஸ்ஸைப் பிடிக்கவா போறாரு?" என்று ஒரு வாரம் புலம்பினார்.

படத்தின் மேலே போட்டிருக்கும் வயதுக் கணக்கை நம்பவே மாட்டார். அதைப் போடுகிறவன் ரத்தம் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறான், பரிகாசத்தைப் பார்ப்பதில்லை என்பார். அசுரர்களை எல்லாம் குண்டாக, கறுப்பாக, வழுக்கி விழுகிறவர்களாகக் காட்டும் படங்கள் அவருக்கு ஆகவே ஆகாது. தன் கையை நீட்டிக் காட்டி, "இந்தக் கலரு என்ன பாவம் பண்ணுச்சு? நாளைக்கு உங்க வீட்டுப் பொடியன் என்னைப் பாத்து அசுரன்னு ஓடணுமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கதை மாறுவதில் மட்டும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஊருக்கு ஊர் சொல்லும் விதம் மாறும், உடை மாறும், பாட்டு சேரும், அதெல்லாம் பரவாயில்லை. "பெட்டிக்கு எந்தப் பெயின்ட் வேணா அடிச்சுக்கட்டும். அச்சை மாத்தினா வண்டி கவுந்துடும்" என்பார்.

படம் போடுகிற ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சட்டம் உண்டு. விளம்பரம் நடுவில் வந்து எதையாவது காட்டிவிடும் என்று படத்தை முன்பே டவுன்லோட் செய்துவிடுவார். முடிந்ததும் அடுத்த படம் தானாக ஓடுவதை நிறுத்தி வைத்திருப்பார். டியூப்லைட் எரியும். கதவு திறந்தே இருக்கும். சின்னப் பிள்ளைகள் கதவுப் பக்கம் உட்கார வேண்டும். எந்தப் பிள்ளையும் "பயமா இருக்கு" என்று சொல்ல வேண்டியதில்லை. "தண்ணி குடிக்கப் போறேன்" என்றால் போதும். அப்படிச் சொல்லி எழுந்து போகிற பிள்ளையை யாரும் கேலி செய்யக் கூடாது, பெரியவர்களும் ஏன் என்று கேட்கக் கூடாது. பக்கத்து பிளாக் முரட்டுப் பயல்கூட ஒரு நாள் மூன்று தரம் தண்ணீர் குடித்தான்.

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் வீட்டுக்கே போய்ப் பெற்றவர்களிடம் விசாரிப்பார். தனியாகப் படுக்குமா, வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்தார்களா, எதற்குப் பயப்படும். இரண்டாவது மாடிக்கு, சரியாக என் தலைக்கு மேலே, ஒரு குடும்பம் குடிவந்தது. ஏழு வயதில் ஒரு பெண். அவளுடைய அப்பா லிஃப்ட்டில் பார்த்தால் எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்வார், முகம் நிறையச் சிரிப்பார். இவர் நோட்டோடு போனபோது நானும் கூட இருந்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுங்க சார். அவங்க அப்பா வந்தா மட்டும் கொஞ்சம் அடங்குவா. பேச்சு மூச்சு இருக்காது."

எல்லா வீட்டிலும் சொல்வதுதானே? நாங்களும் சிரித்தோம். அவர் நோட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே, "பயம்: இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

இங்கே நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பம் வந்த இரண்டாவது வாரத்திலிருந்தே மேலேயிருந்து எனக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏதோ விழும். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. அப்புறம் அந்த அம்மா எதையோ தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்வாள். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். நமக்கெதுக்கு வம்பு என்று நினைத்தேன். அப்படி நினைத்த என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

நரசிம்ம ஜெயந்தி வந்தது. பிள்ளைகள் எல்லோரும் சிங்கம் வேண்டும் என்று குதித்தார்கள். அவர் ஒரு மாதம் பிரகலாதன் கதையோடு மல்லுக்கட்டினார், அதற்குள் ஸ்கூலே திறந்துவிட்டது. மூன்று படங்கள் கையில் இருந்தன. முதலாவது காமெடி. அதில் அப்பா அரசன் வாழைப்பழத் தோலில் வழுக்குகிறான், உச்சிவெயிலில் நடுக்கூடத்தில் சிங்கம் வருகிறது. "பகலும் இல்லாம ராத்திரியும் இல்லாம, உள்ளயும் இல்லாம வெளியிலயும் இல்லாம சாவுன்னுதானே அவன் வரம் வாங்கினான்? அந்திப் பொழுதும் வாசப்படியும் இல்லேன்னா அந்த வரத்துக்கு என்ன அர்த்தம்?" என்று அதை மூடினார். இரண்டாவது படம் எங்கள் தாய்மார்கள் எல்லோருக்கும் பிடித்தது. கடைசியில் அப்பா மனம் திருந்தி அழுகிறார், பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார், சிங்கம் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போய்விடுகிறது. நான் அதற்காக அவரோடு சண்டையே போட்டேன்.

"சின்னப் பிள்ளைங்க சார். அப்பாவைக் கொல்றதை எதுக்குப் பாக்கணும்?"

"கொல்றதைக் காட்டப் போறதில்லைங்க. ஆனா அவன் திருந்தினான்னு சொன்னா அது வேற கதை. அந்தப் பையன் பட்டதுக்கெல்லாம் கடைசில யாரும் வரலைன்னு ஆயிடும்."

மூன்றாவது படத்தைத்தான் எடுத்தார். ஐம்பது நிமிடம். மலையிலிருந்து தள்ளுவது, யானை, பாம்பு, விஷம் எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் அடுத்த நொடியே பிள்ளையை ஏதோ ஒரு கை தாங்கிக்கொள்கிறது. கடைசிக் காட்சி வாசற்படியில் விழும் நிழலாக மட்டும் தெரிகிறது, அப்புறம் பிள்ளையின் முகம். தூண் பிளக்கிற சத்தத்துக்கு மட்டும் வால்யூமைப் பாதியாகக் குறைப்பது என்று எழுதி வைத்தார். நோட்டைப் பிறகு பார்த்தேன். பதினான்காவது நிமிடத்துக்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: "அப்பா மடியில் உட்கார வைத்து, என்ன படித்தாய் என்று கேட்கிறார். ஆறுதல். பிள்ளைகள் இளைப்பாறலாம்." மூன்று டிக்.

ஞாயிறு மாலை பதினெட்டுப் பிள்ளைகள். என் பையன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தான். படம் ஓடியது. அரசன் அரியணையில் உட்கார்ந்து, சிரித்து, இரண்டு கைகளையும் நீட்டி, "வாடா என் கண்ணே" என்று பிள்ளையை மடியில் ஏற்றிக்கொண்டான். வீணை வாசித்தார்கள். பிள்ளைகள் எல்லாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டாவது மாடிப் பெண் எழுந்தாள்.

"மாமா, தண்ணி குடிக்கப் போறேன்."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. அவளுக்கு நிஜமாகவே தாகம் என்றுதான் நான் நினைத்தேன். ஐந்து நிமிடமாகியும் அவள் வரவில்லை. அவர் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். இரண்டு பேரும் வெளியே போனோம். மாடிப்படிக்குக் கீழே, பழைய சைக்கிளுக்குப் பின்னால், காதை இரண்டு கையாலும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதை மூடத் தெரிந்த பிள்ளை.

அவர் கிட்டே போகவில்லை. நாலடி தள்ளித் தரையில் குந்தி உட்கார்ந்து, அவள் கையை எடுக்கும்வரை காத்திருந்தார்.

"சிங்கம் வந்துடும்னு பயமாம்மா?"

"சிங்கம் எப்ப வரும் மாமா?"

"இன்னும் அரை மணி ஆகும்."

"சிங்கத்துக்குப் பயமில்ல. அவங்க அப்பா மடியில உக்கார வெச்சிட்டாரில்ல? கொஞ்சிட்டுத்தான் அடிப்பாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள், நாளைக்கு ஸ்கூல் இருக்கிறது என்று சொல்வது போல. முடியை ஒதுக்கக் கையைத் தூக்கியபோது சட்டைக் கை மேலேறியது. முழங்கைக்கு மேலே நாலு விரல் தடம் பழுத்த நாவல் நிறத்தில் இருந்தது. ஆயிரம் காட்சிகளை நொடிக் கணக்கில் அளந்த மனுஷன், அந்தப் படிக்கட்டுக்குக் கீழே வாயைத் திறந்து திறந்து மூடினார்.

சிங்கம் வரும் நேரத்துக்கு அவள் தானாக எழுந்து உள்ளே வந்தாள். உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பிள்ளைகள் முகத்தை மூடினார்கள், என் பொடியன் என் மடியில் புதைந்துவிட்டான். தூண் பிளந்தபோது அவள் ஒருத்தி மட்டும் ஓரடி முன்னால் வைத்தாள்.

மறுநாளே அவர் குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்தார். நானும் பேசினேன், மேலேயிருந்து கேட்ட சத்தத்தையெல்லாம் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். பொறுமையாகத்தான் கேட்டார்கள், பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தும் கேட்டார்கள். அப்பா காபி கொடுத்து உபசரித்தார். அம்மா, மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றாள். பிள்ளையும் விழுந்துவிட்டேன் என்றாள். அடுத்த வாரம் மறுபடி வருகிறோம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த ஒரு வாரத்தில் நான் அவரைப் பார்த்த மாதிரி யாரையும் பார்த்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிங்கிலேயே பைக்கின் மேல் உட்கார்ந்திருப்பார், இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. ஒரு நாள் அந்தப் பெண் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்தாள். நான் காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"மாமா, அவர் எந்தத் தூண்ல இருக்கார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்?

"எல்லாத் தூண்லயும்தாம்மா" என்றார்.

"இந்த வீட்டுத் தூண்லயுமா?"

"...ஆமா."

அவள் தலையாட்டிக்கொண்டாள். ஒரு சாக்பீஸ் கேட்டாள். பையில் இருந்த இரண்டையும் கொடுத்துவிட்டார். அவள் போனதும் நான் அவர் மேல் பாய்ந்தேன்.

"என்ன சார் இது? பிள்ளைகிட்ட இப்படியா சொல்வீங்க? நாளைக்கு யாரும் வரலைன்னா?"

"இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்றார். "கதையில அப்படித்தாங்க இருக்கு. வேற என்னத்தைச் சொல்றது நான்?"

நான் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

சனிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட் அருகே ஒரு டெம்போவில் கட்டிலும் பீரோவும் ஏறிக்கொண்டிருந்தன. அவசர மாற்றல் என்று அந்த அப்பா கைகூப்பிச் சிரித்தார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, செட்டில் ஆனதும் சொல்கிறேன் என்றார். அந்தப் பெண் கேட் பக்கத்துத் தூணருகே நின்றிருந்தாள். தூணைக் கையால் தட்டிவிட்டு அதில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வேலைக்குப் போகிற வழியிலேயே உதவி எண்ணுக்குச் சொன்னேன். அவர்கள் வந்து பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. வீட்டு ஓனரிடம் இருந்த போன் நம்பர் அணைந்து கிடந்தது. ஸ்கூலிலும் டி.சி. வாங்கிப் போயிருந்தார்கள், எங்கே சேர்க்கப்போகிறார்கள் என்று சொல்லவில்லை.

அன்று மாலை நான் திரும்பியபோது அவர் பார்க்கிங்கில் இருந்தார். ஒரு தூணின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார், பணிமனையில் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பாரே, அப்படி. கிட்டே போனேன். ஏழு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் சாக்பீஸால் மூன்று டிக் போட்டிருந்தது. அடுத்த தூணிலும் இருந்தது. பிள்ளையார் மாடத்துக்குப் பின்னால், யாரும் போகாத மூலைத் தூணிலும் இருந்தது.

"பதினாறு தூணுங்க" என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "ஒண்ணு விடாம செக் பண்ணியிருக்கா. ஒவ்வொண்ணையும் மூணு தரம்."

அப்புறம் அந்தத் தூணை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்டார்.